மருதாணிக்குள் இருந்த பெயர்: ஒரு 45 நொடி ரீல் எழுதிய அனுபவம்

போன ஆவணி சீசன் முடிந்த கையோடு எங்கள் கல்யாண போட்டோ ஸ்டூடியோவுக்கு ஒரு புது இன்ஸ்டாகிராம் ரீல் செய்ய உட்கார்ந்தேன். நாங்கள் எப்படி எடுப்போம், என்ன ரேட், எத்தனை பேர் வருவோம், இவ்வளவும் ஒரு நிமிடத்துக்குள் தெரிய வேண்டும். கல்யாணம் பேசி முடித்த வீட்டில் போனில் பார்த்துவிட்டு, நாகர்கோவிலுக்கு வந்து ஆல்பம் புரட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய அது போதும்.

பழைய ரீல் ஒன்று இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்பு எடுத்த ஒரு கல்யாணத்தில் பெண் கண் கலங்கி அப்பாவைக் கட்டிப்பிடிக்கிற காட்சிதான் அதன் உயிர். அந்த ரீலைப் பார்த்துத்தான் பலர் கூப்பிட்டார்கள். ஒருநாள் அந்தப் பெண்ணின் அம்மா போன் செய்தார். "மக்களே, அந்த வீடியோவ எடுத்துருவியா? பிள்ள வீட்டுக்கு வந்துட்டா. பாக்கவங்க எல்லாம் கேக்காங்க" என்றார். கோபமே இல்லாத குரல். அன்றைக்கே எடுத்துவிட்டேன். ஆனால் அதற்குள் வேறு இரண்டு பக்கங்கள் அதை இறக்கித் தங்கள் பக்கத்தில் போட்டிருந்தன. அவர்களுக்கு எழுதிக் கேட்டேன். ஒருவர் எடுத்தார், இன்னொருவர் பதிலே போடவில்லை. அந்த அம்மாவிடம் "எடுத்தாச்சு" என்று முழுசாகச் சொல்ல என்னால் முடியவில்லை. புது ரீலை வேறு மாதிரி எழுத வேண்டும் என்று நினைத்தது அங்கிருந்துதான்.

முதலில் செய்தது சுலபமான வேலை. பழைய ஹார்ட் டிஸ்க்குகளிலிருந்து முகம் தெரியாத காட்சிகளை மட்டும் பொறுக்கினேன். கை, கால், பின்பக்கம், பூ, விளக்கு என்று 14 துண்டுகள் கிடைத்தன. முகம் இல்லை, அதனால் பிரச்சினை இல்லை என்று நினைத்தேன். வரிசையாக அடுக்கி மனைவியிடம் காட்டினேன். அவள் ஒரு மருதாணிக் கையில் நிறுத்தி, இரண்டு விரலால் பெரிதாக்கி, "இதுல மாப்பிள்ள பேரு இருக்கே" என்றாள். உள்ளங்கையில் மாங்காய் வடிவத்துக்குள், கொடி சுற்றுகிற இடத்தில், நான்கு எழுத்து. மாப்பிள்ளை தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று மருதாணி போடுகிற பெண் ஒளித்து வைத்த பெயர். அந்தக் காட்சியை நானே மேக்ரோ லென்ஸில் எடுத்திருந்தேன். எழுத்து அவ்வளவு தெளிவு.

அதற்குப் பிறகு 14 துண்டுகளையும் மறுபடி பார்த்தோம், இந்தத் தடவை படம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கவில்லை. இதை வைத்து ஒரு ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா என்று மட்டும் பார்த்தோம். பின்பக்கம் திரும்பி நிற்கும் மணமக்களுக்கு மேலே பூவால் எழுதிய பெயர்ப் பலகை, பாதி மங்கலாக, ஆனால் படிக்கிற மாதிரி. காரின் முன்பக்கப் பூ அலங்காரத்தில் நம்பர் பிளேட். மண்டப வாசலில் நண்பர்கள் வைத்த பிளக்ஸ். தாலியின் க்ளோசப். எங்கள் பக்கத்தில் தாலியின் வடிவத்தைப் பார்த்தே எந்தச் சமூகம் என்று சொல்லிவிடுவார்கள். அதோடு மண்டபத்து மேடையின் பின்னணியும் தெரிந்துவிட்டால், எந்தத் தேதிக் கல்யாணம் என்பதுவரை வந்துவிடலாம்.

ஒரு சர்ச் காட்சியில் எனக்குப் பிடித்த மாதிரி வெளிச்சம் விழுந்திருந்தது. ஜன்னலின் வண்ணக் கண்ணாடி வழியாக வந்த வெயில் தரையில் விழ, அதன் மேல் சேலையின் ஓரம் நகர்கிறது. ஒரு முகமும் கிடையாது. ஹெட்போனை மாட்டிக் கேட்டபோதுதான் தெரிந்தது, பின்னணியில் உறுதிமொழி ஓடிக்கொண்டிருக்கிறது. பெண்ணும் மாப்பிள்ளையும் தங்கள் பெயரைச் சொல்லி ஏற்றுக்கொள்கிற இடம். மேலே இசை போட்டால் மறைந்துவிடும் என்று எடிட்டிங் பார்க்கிற தம்பி சொன்னான். ஆனால் இசை இறங்குகிற அரை நொடியில் அந்தப் பெயர் மேலே வந்துவிடும். ஒலித் தடத்தையே நீக்கிவிட்டோம். அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: பழைய காட்சி எது டைம்லைனுக்கு வந்தாலும், முதல் வேலையாக அதன் ஒலியைப் பிரித்து அழித்துவிடுவேன்.

பிளர் போட்டு மறைக்கலாமே என்று கேட்பார்கள். முயன்று பார்த்தேன். பெயர்ப் பலகைக்கு பிளர் போட்டு, அது அசைவதற்கு ஏற்றபடி டிராக் செய்ய வைத்தோம். யாரோ ஒருவர் குறுக்கே நடந்து போகும் இடத்தில் டிராக் வழுக்கி, மூன்று ஃபிரேம் பலகை அப்படியே தெரிந்தது. ஓடும்போது கண்ணுக்குப் படாது, நிறுத்திப் பார்த்தால் படிக்கலாம். 25 ஃபிரேம் வேகத்தில் 45 நொடி என்றால் 1,125 ஃபிரேம். அத்தனையையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கிற பொறுமை இருந்தால் பிளர் பரவாயில்லை. இன்னொன்றும் இருக்கிறது. கல்யாணப் படத்தில் மங்கலான சதுரம் ஒன்று வந்தால் அது செய்தியில் வரும் குற்றக் காட்சி மாதிரி ஆகிவிடுகிறது. அதனால் மறைக்க வேண்டிய துண்டையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டேன். குறுக்கே வெட்டி எடுத்தால் சரியாகும் என்று இருந்த இரண்டு மட்டும் தங்கின.

மொத்தம் ஆறு துண்டு மிஞ்சியது. அந்த ஆறுக்கும் கேட்க வேண்டும்தானே என்று தோன்றியது. பக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், "நாம எடுத்த படம், நம்ம உரிமைதான" என்றார். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 17ஆம் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. ஒருவர் கேட்டுக்கொண்டபடி, காசு வாங்கிக்கொண்டு எடுத்த போட்டோவுக்கும் வீடியோவுக்கும், வேறு மாதிரி ஒப்பந்தம் எழுதியிருந்தால் தவிர, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். என் பழைய ரசீதுகளில் அட்வான்ஸ், பாக்கி, தேதி தவிர ஒன்றும் இல்லை. ஆக, அந்தப் படங்களை விளம்பரத்துக்குப் போட எனக்கு எழுத்தில் எந்த உரிமையும் கிடையாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் ஊரில் பெரும்பாலும் காசு கொடுத்து எடுக்கச் சொல்வது பெண்ணின் அப்பா, இல்லாவிட்டால் அண்ணன். சட்டப்படி உரிமை அவரிடம் இருக்கலாம், படத்தில் இருப்பது பெண். ஆகவே அப்பாவிடம் ஒருமுறை, பெண்ணிடம் தனியாக ஒருமுறை, மாப்பிள்ளையிடம் தனியாக ஒருமுறை என்று கேட்டேன். தனித்தனியாகக் கேட்டது நல்லதாகப் போயிற்று. ஒரு வீட்டில் மாப்பிள்ளை "தாராளமா போடுங்க அண்ணே" என்றார். அரை மணி நேரம் கழித்துப் பெண் எழுதினாள்: "வேண்டாம் அண்ணா. அவங்ககிட்ட நான் சொன்னேன்னு சொல்லாதீங்க." சொல்லவில்லை. அந்தக் காட்சி நீளமாக இருப்பதால் எடுத்துவிட்டேன் என்று மட்டும் அவரிடம் சொன்னேன்.

கேட்ட விதமும் முக்கியம். "உங்க படம் யூஸ் பண்ணிக்கலாமா" என்று பொதுவாகக் கேட்டால் பழக்கத்துக்கு எல்லோரும் சரி என்பார்கள். எந்தத் துண்டோ அதையே அனுப்பி, வாட்ஸ்அப்பில் இப்படி எழுதினேன்:

"வணக்கம். உங்கள் கல்யாணத்தில் எடுத்த இந்தச் சில நொடிக் காட்சியை ஸ்டூடியோ விளம்பர ரீலில் போட உங்கள் அனுமதி கேட்கிறேன். பெயர், ஊர், தேதி எதுவும் வராது, ஒலி இருக்காது. இன்ஸ்டாகிராமில் மட்டும் ஒரு வருடம் இருக்கும். வேண்டாம் என்றால் 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை போதும், காரணம் சொல்ல வேண்டாம். பதில் வராவிட்டால் போட மாட்டேன். இப்போது சரி என்று சொல்லிவிட்டுப் பிறகு மனது மாறினாலும் இதே நம்பரில் சொல்லுங்கள், ஒரு நாளுக்குள் எடுத்துவிடுவேன். ஆனால் அதற்குள் வேறு யாராவது இறக்கி வைத்திருந்தால் அதை என்னால் தடுக்க முடியாது."

கடைசி வரியைப் போட வேண்டாம் என்று தம்பி சொன்னான், பயந்து விடுவார்களாம். அந்த அம்மாவிடம் நான் சொல்ல முடியாமல் நின்றது அந்த வரிதான், அதனால் அதை விடவில்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலைப் பற்றிச் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். எதற்கு என்று தெளிவாகச் சொல்லிக் கேட்க வேண்டும், கொடுக்க எவ்வளவு சுலபமோ திரும்பப் பெறவும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். பூக்கூடை ஏந்திய சின்னப் பிள்ளைகள் வருகிற துண்டு ஒன்று ஆறில் இருந்தது. பிள்ளைகள் நான்கு பேர், நான்கு வீடு. அந்தத் துண்டைக் கேட்காமலே விட்டுவிட்டேன்.

மிச்சம் ஐந்து. இரண்டு வீட்டில் எல்லோரும் சரி என்றார்கள். ஒரு வீட்டில் அந்த வேண்டாம். ஒரு வீட்டில் பதில் இல்லை. இன்னொரு வீட்டில் "வளையல் தெரியாம இருந்தா போடுங்க" என்றார்கள். அது பாட்டியின் பழைய வளையல், பார்த்தால் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியுமாம். ஊர் எப்படி ஆளை அடையாளம் காண்கிறது என்பதை அந்த வீட்டுக்காரர் ஒரே வரியில் எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார். வளையலுக்குக் கீழே வெட்டினேன். ஆக, பழைய கல்யாணங்களிலிருந்து வந்தது மூன்றே துண்டு: பூக்கட்டும் விரல்கள், தரையில் வண்ண வெயில், பாயாசம் ஊற்றும் கை.

மூன்று துண்டில் 45 நொடி ரீல் ஆகாது. அதோடு, முகமே இல்லாத கல்யாண ரீலைப் பார்த்து யாரும் போட்டோகிராபரை எடை போட முடியாது. ஆளை எப்படிக் காட்டுவான், தோல் நிறம் எப்படி வரும், இதுதான் பெண் வீட்டார் உண்மையில் பார்ப்பது. என் தங்கையையும் அவள் வீட்டுக்காரரையும் கேட்டேன். அவர்களுக்கும் அதே வாட்ஸ்அப் செய்திதான், தங்கை என்பதற்காக விடவில்லை. தோவாளைச் சந்தையில் பூ வாங்கி, வீட்டுத் திண்ணையில் காலை ஏழரைக்கு ஒரு மணி நேரம் எடுத்தோம். மாலையில் முட்டம் பாறைக்குப் போனோம். முட்டத்தில் சூரியன் கடலில் இறங்கும். ஆறு மணிக்கு மேல் இருபது நிமிடம்தான் கிடைக்கிற வெளிச்சம். காற்றில் சேலைத் தலைப்பு நிற்காமல் பறந்தது, இரண்டாவது தடவை பின் குத்தியபிறகுதான் படம் கிடைத்தது.

தங்கை மாநிறத்துக்கும் கொஞ்சம் கறுப்பு. திண்ணையில் பக்கவாட்டு வெளிச்சத்தில் அவள் கன்னத்தில் விழுந்த நிழலை அப்படியே வைத்தேன். எங்கள் பகுதியில் ஆல்பத்தில் பெண்ணை வெளுப்பாக்குவது பழக்கமாகிவிட்டது. கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறமாகப் பல ஆல்பங்கள் பார்த்திருக்கிறேன். நான் அதைச் செய்வதில்லை. என் ஸ்டைல் என்ன என்று கேட்டால் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். இதைச் சொல்ல வேறு ஒருவர் வீட்டுப் பெண்ணின் முகம் எனக்குத் தேவைப்படவில்லை.

இது உண்மையான கல்யாணம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தக் காட்சிகள் ஓடும்போது "மாதிரிப் படம், எங்கள் வீட்டார்" என்று திரையில் எழுத்து இருக்கும். ரீலின் அடிப்பகுதியில் ஸ்டூடியோ பெயரும் விளக்கமும் வந்து மூடிவிடும், வலது ஓரத்தில் பொத்தான்கள். முதல் தடவை எழுத்தைக் கீழே வைத்து அது மறைந்தே போனது. நடுவுக்குச் சற்றுக் கீழே, இடது பக்கம் வைத்தபிறகு தெரிந்தது.

பேச்சை எழுதியதில் எனக்கு நாள் அதிகம் போனது. முதல் வரைவை நிறுத்தி வாசித்தால் ஒரு நிமிடம் இருபது நொடி. தமிழ் வார்த்தை நீளம், அதிலும் ரூபாய்க் கணக்கைச் சொன்னால் அதுவே மூன்று நொடி தின்கிறது. சாதாரணமாகப் பேசுகிற வேகத்தில் 45 நொடிக்கு எழுபது, எழுபத்தைந்து வார்த்தைதான் அடங்கும். அதனால் ரேட் எல்லாம் திரைக்குப் போயிற்று, குரலில் பேக்கேஜுக்குப் பேக்கேஜ் என்ன கூடுகிறது என்பது மட்டும். கடைசியில் நின்ற வடிவம் இது:

0–4 நொடி. பூக்கட்டும் விரல்கள்.
குரல்: "கல்யாண வீட்ல விளக்கு ஏத்துறதுக்கு முன்னாடியே நாங்க வந்திருவோம்."

4–9. தரையில் வண்ண வெயில்.
குரல்: "ஜன்னல் வெளிச்சம் போதும்னா லைட் போட மாட்டோம்."

9–17. தங்கை, திண்ணை, பிறகு முட்டம். திரையில்: மாதிரிப் படம், எங்கள் வீட்டார்.
குரல்: "உங்க நிறம் உங்க நிறமாவே இருக்கும். வெளுப்பாக்க மாட்டோம்."

17–22. பாயாசம் ஊற்றும் கை.
குரல்: "பந்தியில சாப்பிடுற வாயை எடுக்க மாட்டோம். பரிமாறுற கையை எடுப்போம்."

22–36. ஸ்டூடியோ மேசை. காலி ஆல்பம். முதலில் இரண்டு கேமரா, பிறகு மூன்று, பிறகு நான்கு. திரையில் ரேட்.
குரல்: "முதல் பேக்கேஜ்ல ஒரு போட்டோ, ஒரு வீடியோ, ஒரு ஆல்பம். ரெண்டாவதுல கேண்டிட் ஆள் ஒருத்தர் கூட. மூணாவதுல இன்னும் ஒருத்தர், முந்தின நாள் சாயங்காலமும் சேர்த்து."

36–45. ஆல்பத்தை மூடும் கை.
குரல்: "இதுல வந்த முகம் எங்க வீட்டு ஆளுங்க. உங்க படமும் நீங்க சொன்னாதான் வெளிய வரும். நேர்ல வாங்க, பேசலாம்."

பேக்கேஜ் பகுதிக்குத் தனியாக ஒரு கதை உண்டு. 45,000, 80,000, 1,25,000 என்று மூன்று ரேட். "45,000 முதல்" என்று மட்டும் போட்டால் கூப்பிடுகிறவர் எல்லாம் அந்தத் தொகையிலேயே நிற்பார், பிறகு மேலே சொல்லச் சங்கடம். அதனால் மூன்றையும் போட்டேன். எண்ணிக்கை வாயால் சொன்னால் மனதில் நிற்காது என்பதால், மேசையில் கேமரா ஒவ்வொன்றாகக் கூடுவதைக் காட்டினோம். ஒரு கேமரா ஒரு ஆள் என்று பார்த்ததுமே புரிகிறது. அந்த மேசைக் காட்சியில் முதலில் நிஜ ஆல்பம் ஒன்றை வைத்திருந்தேன், மூடித்தான் இருந்தது. முதுகுப் பட்டையில் தங்க எழுத்தில் இரண்டு பெயர். பிறகு ஆல்பம் அச்சடிக்கும் இடத்தில் கேட்டு, வெள்ளைத் தாள் வைத்த மாதிரி ஆல்பம் ஒன்று வாங்கி வந்து மறுபடி எடுத்தோம். 12×36 இன்ச் அளவில் வெள்ளைப் பக்கம் விரிவது பார்க்கவும் நன்றாகவே இருந்தது.

பாட்டு போடவில்லை. இன்ஸ்டாகிராமில் வியாபாரக் கணக்குக்கு சினிமாப் பாட்டு எல்லாம் கிடைக்காது, கிடைத்தாலும் பிறகு ஒலி போய் ரீல் ஊமையாகிவிடும். தெரிந்த நாதஸ்வர அண்ணன் ஒருவர் வாத்தியத்தைச் சரி பார்க்கும்போது ஊதுகிற ஒற்றைச் சுரத்தை அவர் வீட்டில் போய்ப் பதிவு செய்தேன், அதற்குரிய பணமும் கொடுத்தேன். கடைசியில் முட்டம் அலைச் சத்தம்.

போட்ட அன்று நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. பூக்கட்டும் விரல்களைப் பார்த்து ஒருவர், "இது நம்ம ஊரு அக்காலா" என்று எழுதி, கீழேயே கல்யாண வீட்டின் பெயரையும் சொல்லிவிட்டார். படத்தில் நாங்கள் எடுத்த கவனமெல்லாம் ஒரு கமெண்டில் போயிற்று. பத்து நிமிடத்தில் அழித்துவிட்டு, அந்த வீட்டுக்குப் போன் செய்து சொன்னேன். அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆனாலும் அந்தத் துண்டை எடுத்துவிடவா என்று கேட்டேன், இருக்கட்டும் என்றார்கள். அன்று முதல், அனுமதி வாங்கிய வீடுகளின் பெயரையும் ஊரையும் கமெண்ட் வடிகட்டும் இடத்தில் முன்கூட்டியே சேர்த்துவிடுகிறேன். அந்த வார்த்தை வரும் கமெண்ட் தானாக மறைந்துவிடும். எழுத்துப் பிழையோடு எழுதினால் தப்பிவிடும், அதனால் முதல் இரண்டு நாள் நானே உட்கார்ந்து பார்க்கிறேன்.

புது ஒப்பந்தத் தாளில் மூன்று கட்டம் சேர்த்திருக்கிறேன்: முகத்தோடு போடலாம், முகம் இல்லாமல் போடலாம், எதையும் போட வேண்டாம். பெண்ணுக்கு ஒரு தாள், மாப்பிள்ளைக்கு ஒரு தாள், காசு கொடுப்பவருக்கு ஒரு தாள். மூன்றில் எது குறைவோ அதுதான் கணக்கு. முதல் கட்டத்துக்கு 3,000 ரூபாய் தள்ளுபடி கொடுக்கலாமா என்று யோசித்தேன், விட்டுவிட்டேன். கடன் வாங்கிக் கல்யாணம் நடத்துகிற அப்பா அந்த மூவாயிரத்துக்காகப் பெண்ணின் முகத்துக்கு டிக் போட்டுவிடுவார். எந்தக் கட்டத்துக்கும் ஒரே ரேட்.

போன வாரம் தக்கலையிலிருந்து வந்த ஒரு பெண் இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, பேனாவை வைக்காமல் கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஓரத்தில் எழுதினாள்: "அம்மாச்சி சிரிக்கிற படம் இருந்தால் அதை மட்டும் முகத்தோடு போடலாம், அம்மாச்சியிடம் கேட்டுவிட்டு." தை மாதம் கல்யாணம். அம்மாச்சிக்கு வாட்ஸ்அப் கிடையாது, நேரில்தான் போக வேண்டும்.